‘நூறு சதவீதம் மக்கும்’ என்று எழுதியிருந்த ஒரு குப்பைப் பை

பெங்களூரு அல்சூரில் ஓர் அக்கா வீட்டிலிருந்தபடியே குப்பைப் பை விற்கிறார். பைகளைத் தயாரிப்பது வேறொரு கம்பெனி. இவர் மொத்தமாக வாங்கி, சுருள் சுருளாகக் கட்டி, தன் பெயரில் அடுக்ககங்களுக்கும் சில கடைகளுக்கும் கொடுக்கிறார். விற்பனை முழுக்க வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான். அவருடைய பழைய பதிவு இப்படி இருந்தது:

“இயற்கையோடு இணைவோம்! மக்காச்சோள மாவில் செய்த, 100% மக்கும், பிளாஸ்டிக் இல்லாத, பூமிக்கு உகந்த குப்பைப் பை. சாதாரணப் பையைவிட 60% குறைந்த கார்பன்!”

கூடவே பச்சை இலை மீது உருளும் ஒரு பூமி உருண்டைப் படம். இந்த மாதிரிப் பதிவுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில் என்பதால், அந்த உருண்டையை ஊரில் எத்தனை பேர் உருட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சிக்கல் ஒயிட்ஃபீல்டில் இருந்து வந்தது. அங்கே ஓர் அம்மா பால்கனியில் மண் தொட்டி வைத்து உரம் போடுகிறவர். பதிவை நம்பி, காய்கறித் தோலைப் பையோடு சேர்த்துத் தொட்டியில் போட்டிருக்கிறார். மூன்று மாதம் கழித்துக் கிளறினால் தோல், தேயிலைச் சக்கை எல்லாம் கறுப்பு உரமாகிவிட்டது. பை மட்டும் பச்சை நாடா நாடாவாக அப்படியே கிடக்கிறது. படம் எடுத்து அனுப்பி, “இதுதான் உங்க நூறு சதவீதமா?” என்று ஒரே வரி கேட்டிருந்தார்.

அக்காவுக்கு முதலில் வந்த சந்தேகம், தயாரிப்பாளர் போலிப் பையை அனுப்பிவிட்டாரோ என்பது. அது நியாயமான சந்தேகம்தான். சாதாரண பாலித்தீனில் ஏதோ ஒரு சேர்மானத்தைக் கலந்து, வெயிலில் பொடிப்பொடியாக உதிரும்படி செய்து, அதை ‘மக்கும் பை’ என்று விற்கிறவர்கள் உண்டு. உதிர்வது வேறு, மக்குவது வேறு. உதிர்ந்த பொடி மண்ணில் பிளாஸ்டிக்காகவேதான் இருக்கும். ஆனால் இந்தப் பை அந்த ரகம் இல்லை. பை சரியானது, பதிவுதான் தப்பு. இது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

காகிதங்கள் என்ன சொல்லின

புதிதாக ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் தயாரிப்பாளரிடமிருந்து மூன்று காகிதங்களை வாங்கச் சொன்னேன். மூலப்பொருள் விவரத் தாள், சோதனைச்சாலை அறிக்கை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று. விளம்பரத் துண்டுப்பிரசுரம் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் முதலில் வந்தது அதுதான். பழைய பதிவில் இருந்த அத்தனை வாக்கியமும் அதிலிருந்து எடுத்ததே.

முதலில் அறிக்கை. மக்கும் பிளாஸ்டிக்குக்கு இந்தியாவில் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரம் உண்டு. அந்தத் தரத்தின் கீழ் ஒரு பை தேற வேண்டுமென்றால் தனித்தனியான சில சோதனைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, பை துண்டாக வேண்டும். கம்போஸ்டில் 12 வாரம் வைத்துவிட்டு 2 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலிப்பார்கள். போட்டதில் பத்து சதவீதத்துக்கு மேல் சல்லடை மேல் தங்கக் கூடாது. இரண்டாவது, நிஜமாகவே மக்க வேண்டும். அதாவது பையில் இருக்கும் கார்பனை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக வெளியே விட வேண்டும். 180 நாளுக்குள் அந்த அளவு 90 சதவீதத்தைத் தொட வேண்டும். மேற்கொண்டு, கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா, அந்த உரத்தில் விதை ஒழுங்காக முளைக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

இதில் பெரும்பாலோர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. மக்குகிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையை முற்றிய கம்போஸ்டில், 58 டிகிரி செல்சியஸ் சூட்டில், இரண்டு டிகிரிக்கு மேல் ஏறி இறங்காமல் வைத்து நடத்துகிறார்கள். அந்தத் தரமே பெரிய அளவில் நடக்கும் கம்போஸ்ட் நிலையங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. டன் கணக்கில் குவியும் கழிவு தன் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். பால்கனி மண் தொட்டியில் இருப்பது சில கிலோ. புதுக் கழிவு விழுந்த ஓரிரு நாள் கொஞ்சம் சூடேறும், அப்புறம் பெங்களூர்க் காற்று என்ன சூடோ அதுதான். காய்கறித் தோலுக்கு அது போதும், இந்தப் பைக்குப் போதாது. தொட்டியில் மக்கும் பொருள்களுக்கென்று தனி அளவுகோல்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன. அவற்றில் 20 முதல் 30 டிகிரி சூட்டில், ஒரு வருடம் வரை வைத்துப் பார்ப்பார்கள். நம் பை அந்தச் சோதனைக்குப் போகவே இல்லை.

ஆக ஒயிட்ஃபீல்டு அம்மாவின் தொட்டியில் நடந்தது எதிர்பார்க்க வேண்டியதுதான். அக்கா சொன்ன ‘100% மக்கும்’ என்பதில் எங்கே, எத்தனை டிகிரியில், எத்தனை நாளில் என்ற மூன்றும் விடுபட்டுப் போயிருந்தன. அந்த மூன்றையும் படிக்கிறவர் தானே இட்டு நிரப்பிக்கொண்டார். உரத் தொட்டி வைத்திருக்கிறவர் தன் தொட்டியைத்தானே நினைப்பார்?

‘நூறு’ என்ற எண்ணுக்கும் ஆதாரம் இல்லை. தரம் கேட்பது 90. மீதி எங்கே போகிறது என்றால், நுண்ணுயிர்கள் தின்றதில் ஒரு பகுதி அவற்றின் உடம்பாகவே மாறிவிடும், வாயுவாக வெளியே வராது. அதனால்தான் தரத்தில் நூறு கேட்பதில்லை. இது பைக்கு ஒரு குறை இல்லை. ஆனால் அறிக்கையில் 90 என்று இருக்கும்போது பதிவில் 100 என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை.

தடிமன்

அறிக்கையின் முதல் பக்கத்தில், மாதிரியைப் பற்றிய விவரத்தில், ‘படலத்தின் தடிமன் 25 மைக்ரான்’ என்று சின்ன எழுத்தில் இருந்தது. இது ஏதோ அலுவலகத் தகவல் என்று தோன்றும். இல்லை. துண்டாகும் சோதனை எந்தத் தடிமனில் நடந்ததோ, அந்தத் தடிமனுக்கும் அதைவிட மெல்லியதற்கும்தான் முடிவு செல்லும். தடிமன் கூடக்கூடத் துண்டாக நேரம் பிடிக்கும். அதே கலவையாக இருந்தாலும் இரண்டு மடங்கு தடிமனுள்ள பை 12 வாரத்தில் சல்லடையைத் தாண்டும் என்று இந்த அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது.

அக்கா விற்பது இரண்டு அளவு. சமையலறைக் கூடைக்கான நடுத்தரப் பை, அடுக்ககப் பெரிய டிரம்முக்கான பை. அக்கா வீட்டு அண்ணன் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர், ஸ்க்ரூ கேஜ் வீட்டிலேயே இருந்தது. பையை வெட்டிப் பிரித்து, ஒரு பக்கப் படலத்தை மட்டும் நாலாக மடித்து அளந்து நாலால் வகுத்தோம். ஒற்றைப் படலத்தை அளந்தால் இவ்வளவு மெல்லியதில் கை நடுங்குவதே கணக்கில் வந்துவிடும். நடுத்தரப் பை 20 மைக்ரான் சுமாருக்கு வந்தது, சரி. டிரம் பை 40-ஐத் தாண்டியது. தயாரிப்பாளரிடம் கேட்டோம். பெரிய பைக்குத் தனி அறிக்கை இல்லை, ‘மெட்டீரியல் ஒண்ணுதான் மேடம்’ என்றார்கள். மெட்டீரியல் ஒன்றுதான், சோதனை ஒன்றல்ல. டிரம் பையைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டோம். அக்காவுக்கு அது மனமில்லாத வேலை. லாபம் அதில்தான் அதிகம்.

மக்காச்சோளமும் பிளாஸ்டிக்கும்

விவரத் தாளைப் படித்தபோது ‘மக்காச்சோள மாவில் செய்தது’ என்ற வாக்கியமும் விழுந்தது. பையில் பெரும் பங்கு பிபிஏடி என்ற பாலிமர். பையை நீளவும் வளையவும் வைப்பது அதுதான். அது பொதுவாகப் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வருவது. அப்புறம் பிஎல்ஏ என்ற இன்னொரு பாலிமர் கொஞ்சம், ஸ்டார்ச் கொஞ்சம். மக்காச்சோளம் இந்தக் கடைசி இரண்டின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. பெட்ரோலியத்திலிருந்து வந்தும் மக்கக்கூடிய பாலிமர் உண்டு, செடியிலிருந்து வந்தும் மக்காத பாலிமர் உண்டு. எதிலிருந்து வந்தது என்பதும் கடைசியில் என்ன ஆகும் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கும் சொன்னதாகக் காட்டிக்கொள்வது இந்த வியாபாரத்தில் சர்வ சாதாரணம்.

‘பிளாஸ்டிக் இல்லாத’ என்பது நேராகவே பொய். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் இந்த வகையை ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்றே அழைக்கின்றன. மக்கும் கேரி பைகளைத் தயாரிப்பவர் மட்டுமல்ல, விற்பவரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. அக்காவிடம் இருந்தது தயாரிப்பாளரின் சான்று நகல் மட்டும்தான். குப்பைப் பை கேரி பையாகுமா என்று வாதாடலாம், நான் அந்த வாதத்தில் இறங்கவில்லை. தன் பெயரில் விற்கிறவர் தன் பெயரில் விண்ணப்பிப்பது நல்லது என்றேன். சான்று எண் கையில் வரும்வரை பதிவு காத்திருந்தது.

‘60% குறைந்த கார்பன்’ எங்கிருந்து வந்தது என்று தேடியதில், அது பையைப் பற்றிய கணக்கே இல்லை. பிஎல்ஏ மூலப்பொருள் தயாரிக்கும் இடத்தோடு நின்றுவிடும் ஒரு கணக்கு. பையில் பெரும்பங்கான பிபிஏடி அதில் இல்லை, பை ஊதும் ஆலையின் மின்சாரம் இல்லை, லாரி இல்லை, குப்பையான பிறகு நடப்பதும் இல்லை. ஒப்பிட வேண்டுமென்றால் எதை எதோடு, எந்த எல்லைக்குள் ஒப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். அந்த வரியை வெட்டினோம். வேறு எண் எதையும் அங்கே வைக்கவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் இப்போது கொஞ்சம் கறாராகிவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’, ‘இயற்கை’ போன்ற பொதுச் சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக் கூடாது. சொல்வது முழுப் பொருளைப் பற்றியா, ஒரு பாகத்தைப் பற்றியா, பேக்கிங்கைப் பற்றியா, தயாரிப்பு முறையைப் பற்றியா என்றும் தெளிவாக்க வேண்டும். ஆதாரத்தை க்யூஆர் கோடு வழியாகவோ இணைய முகவரி வழியாகவோ கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் போடுவதும் விளம்பரம்தான்.

பெங்களூரில் இந்தப் பை எங்கே போகும்?

காகிதங்கள் சரி, ஊர் நிலவரம் என்ன என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. பெங்களூரில் 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னதிலிருந்து இரண்டு கூடை, ஒரு பை என்பதுதான் முறை. ஈரக்கழிவு ஒரு கூடையில், உரத்துக்கும் மறுசுழற்சிக்கும் உதவாத, ஒதுக்க வேண்டிய கழிவு இன்னொன்றில், உலர்கழிவு பையில். ஈரக்கழிவைப் பை இல்லாமல் வெறும் கூடையாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். காலையில் வண்டியோடு வரும் துப்புரவுத் தொழிலாளி, அதாவது பௌரகார்மிகர், ‘ஹசி கச, ஒண கச’ என்று ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கும்போது, கூடைக்குள் பச்சைப் பை தெரிந்தால் அது மக்கும் ரகமா இல்லையா என்று சான்று எண்ணைப் படித்துக்கொண்டு நிற்க முடியாது. கிழித்து எடுத்து ஒதுக்குவார் அல்லது அப்படியே வாங்க மறுப்பார். உலர்கழிவில் போட்டாலோ இன்னும் கேடு. பாலித்தீனோடு சேர்ந்து உருகினால் மறுசுழற்சித் துகளின் தரத்தைக் கெடுக்கும். கடைசியில் மிட்டகானஹள்ளி போன்ற குப்பைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

அப்படியானால் இந்தப் பையால் யாருக்குப் பயன்? தங்கள் வளாகத்துக்குள்ளேயே கம்போஸ்ட் செய்யும் அடுக்ககங்களுக்கு. அவர்கள் கழிவு வெளியே போவதில்லை. குவியல் பெரிதாக இருப்பதால் சூடும் ஏறும்.

இதைச் சும்மா எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. சர்ஜாபூர் சாலையில் அக்காவிடம் பை வாங்கும் ஓர் அடுக்ககத்தில், கம்பி வலைத் தொட்டிகளில் காய்ந்த இலையும் ஈரக்கழிவும் அடுக்கடுக்காகப் போட்டு உரம் செய்கிறார்கள். அங்கே தோட்ட வேலை பார்க்கும் கடலூர்க்காரர் ஒருவர் உதவினார். கழிவோடு கட்டிய பைகளை வெங்காயம் வரும் வலைச் சாக்குகளில் போட்டு, ஒன்றைக் குவியலின் நடுவிலும் ஒன்றைத் தொட்டியின் ஓரத்திலும் புதைத்தார். வலைச் சாக்கு இல்லையென்றால் கடைசியில் எது பைத் துண்டு, எது இலைத் துண்டு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டரால் அவ்வப்போது சூடு பார்த்தார். நடுவில் முதல் சில வாரம் 55-க்கும் 60-க்கும் இடையில் நின்றது, ஓரத்தில் 40-ஐத் தாண்டவே திணறியது.

12 வாரம் கழித்து எடுத்தால் நடுச் சாக்கில் தேடித்தான் சில கறுத்த துணுக்குகள் கிடைத்தன. ஓரச் சாக்கில் உள்ளங்கை அகலத் துண்டுகள் இருந்தன, இழுத்தால் பிய்ந்தன. “நடுவுல போட்டு ஒரு தடவை புரட்டிக் குடுத்தா போதும்ணா, ஓரத்துல எதுவுமே சீக்கிரம் ஆவாது” என்றார் அவர். தரத்தாளில் இருக்கும் 58 டிகிரி என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது அந்த ஓரச் சாக்குதான். இது சோதனைச்சாலை முடிவு அல்ல, ஒரு தொட்டியில் ஒரு முறை பார்த்தது. அதனால் சதவீதம் எதுவும் போடாமல் இரண்டு சாக்குகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

புதிய பதிவு

கடைசியில் போட்டது இது:

“அடுக்ககத்துக்குள்ளேயே கம்போஸ்ட் செய்கிறீர்களா? உங்களுக்கான குப்பைப் பை இது. 20 மைக்ரான் தடிமன், நடுத்தர அளவு. பிபிஏடி, பிஎல்ஏ, ஸ்டார்ச் கலந்த மக்கும் பிளாஸ்டிக். சாதாரண பாலித்தீன் அல்ல. ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரப்படி, சுமார் 58 டிகிரி சூடுள்ள கம்போஸ்டில் 12 வாரத்தில் துண்டாகி, 180 நாளுக்குள் 90 சதவீதத்துக்குக் குறையாமல் மக்குகிறது என்று சோதிக்கப்பட்டது. குவியலின் நடுவில் போடுங்கள். ஓரத்தில் போட்டால் என்ன ஆகிறது என்பது இரண்டாவது படத்தில்.

பால்கனித் தொட்டியில் இது சீக்கிரம் மக்காது. மாநகராட்சி வண்டிக்கு ஈரக்கழிவு கொடுப்பவர்களுக்குப் பையே தேவையில்லை. உலர்கழிவோடு சேர்க்காதீர்கள். ஈரம் படாத இடத்தில் வைத்து, பொட்டலத்தில் உள்ள தேதிக்குள் பயன்படுத்துங்கள். பழசானால் பை நொறுங்கும். சான்று எண்ணும் சோதனை அறிக்கையும் க்யூஆர் கோடில்.”

இலையும் இல்லை, பூமி உருண்டையும் இல்லை. ‘பாலித்தீன் அல்ல’ என்ற இடத்தில் அக்கா ‘பாலித்தீனைவிட நல்லது’ என்று போடலாமே என்றார். எதில் நல்லது, யாருக்கு நல்லது என்று நான் திருப்பிக் கேட்டேன், விட்டுவிட்டார். நான் விட்டுக்கொடுத்த இடமும் உண்டு. பிபிஏடி, பிஎல்ஏ பெயர்களைப் பதிவில் போட்டால் யார் படிப்பார்கள் என்று நினைத்து க்யூஆர் பக்கத்துக்கு அனுப்பப் பார்த்தேன். அடுக்ககச் சங்கத்துக்காரர்கள் முதலில் கேட்பதே அதைத்தான் என்று அவர்தான் சொன்னார்.

‘தேவையில்லை’ என்ற வார்த்தை வீட்டில் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. பை விற்கிறவரே பை வேண்டாம் என்பாரா என்று அண்ணன் கேட்டார். ஆனால் வண்டிக்குக் கொடுக்கிற வீட்டுக்காரர் வாங்கிப் போய், வாசலில் பௌரகார்மிகரிடம் பேச்சு வாங்கிவிட்டு, அந்தக் கோபத்தோடுதானே திரும்பி வருவார்? தனி வீட்டு ஆர்டர்கள் குறைந்தது உண்மை. அடுக்ககச் சங்கங்கள் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு மொத்தமாக எடுக்கின்றன, சில பேர் அறிக்கையைப் படித்துவிட்டு எடுக்கவில்லை. ஒயிட்ஃபீல்டு அம்மாவுக்கு அக்கா பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தொட்டியில் கிடந்த நாடாக்களைப் பொறுக்கி ஒதுக்கக் கழிவில் போடச் சொன்னார். பை இல்லாமலே கூடையின் அடியில் செய்தித்தாள் விரித்துப் பழகியவர்தான் அந்த அம்மா. இப்போது மறுபடி அதையே செய்கிறார்.

இப்படி எழுதிய பதிவுக்கு ஒரு தொந்தரவு உண்டு. பொதுவாக எழுதிய பதிவை மாற்றவே வேண்டாம், எண் போட்டு எழுதியதைச் சரக்கு மாறும்போதெல்லாம் பார்க்க வேண்டும். புது லாட் வந்ததும் அக்கா இப்போது முதலில் ஸ்க்ரூ கேஜைத்தான் எடுக்கிறார். போன முறை 22 மைக்ரான் வந்தது. அறிக்கையின் 25-க்குள்தான் இருக்கிறது, கலவையும் மாறவில்லை என்று விவரத் தாள் வந்து சேர்ந்தது. பதிவில் 20-ஐ 22 ஆக்கிவிட்டு, கீழே லாட் எண்ணையும் சேர்த்தோம்.